அந்தச் சின்ன R-ஐப் பார்த்தீர்களா?



போன வாரம் ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவன் என் பழைய மாணவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரெண்டு லேத் போட்டு சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறான். போட்டோவில் ஒரு கால்குலேட்டர், `fx-991MS`. திரையின் மேல் வரியில் `tan-1 Ans`, கீழ் வரியில் `0.06241881`. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"சார், புதுசா சேந்த பையன் டேப்பர் கணக்கு போட்டான் சார். 0.06 டிகிரின்னு வருது. அப்படி வெச்சா ஜாப் நேராத்தான் வரும், டேப்பரே விழாது. ஃபார்முலா தப்பா, இல்ல கால்குலேட்டர் கெட்டுப்போச்சா? பையனைத் திட்டிட்டேன் சார், பாவம் முழிச்சிக்கிட்டு நிக்கிறான்."

நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபார்முலா சரி. கால்குலேட்டர் கெட்டுப்போகவில்லை. பையன் மேலும் தப்பில்லை. திரையின் உச்சியில் எறும்பு மாதிரி ஒரு எழுத்து இருந்தது. `R`. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த எழுத்தைப் பற்றி ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவன் கணக்கு. 80 மி.மீ. நீளத்துக்குள் 50 மி.மீ. விட்டத்திலிருந்து 40 மி.மீ. விட்டத்துக்குச் சரிந்து வர வேண்டும். லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்பதுதான் கேள்வி. விட்டத்தில் 10 மி.மீ. குறைகிறது என்றால் ஒரு பக்கம் 5 மி.மீ. ஆக 80-க்கு 5. இதைத்தான் டர்னர்கள் `tan θ = (D-d)/2L` என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 10-ஐ 160-ஆல் வகுத்தால் 0.0625. பையன் இதுவரை சரியாகவே வந்திருக்கிறான். அடுத்து `tan-1` அழுத்தினான். `D` இருந்தால் `3.576334375` என்று வந்திருக்கும், அதாவது 3 டிகிரி 34 நிமிடம் 35 விநாடி. `R` இருந்ததால் அதே கோணத்தை ரேடியனில் சொல்லிவிட்டது, 0.0624 என்று. கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. ரூபாயில் கேட்டோம், அது டாலரில் பதில் சொன்னது.

ரேடியன் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வட்டத்தின் ஆரம் எவ்வளவோ அதே நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதை வட்டத்தின் விளிம்பில் ஒட்டுங்கள். அந்த நூல் மையத்தில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறதோ அதுதான் ஒரு ரேடியன். டிகிரியில் ஏறக்குறைய 57.3. வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியன் என்ற பெயர் அச்சில் வந்தது 1873-ல், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஒரு கல்லூரிக் கேள்வித்தாளில். ஆனால் 499-ஆம் ஆண்டு எழுதிய ஆரியபட்டரின் சைன் அட்டவணையில் 24 வித்தியாசங்களையும் கூட்டினால் 3438 வரும். அதை 60-ஆல் வகுத்துப் பாருங்கள், 57.3. ஆரத்தை விளிம்பின் நிமிடக் கணக்கிலேயே அளந்திருக்கிறார் மனிதர்.

சரி, பட்டறையில் இருக்கிற கால்குலேட்டர் ரேடியனுக்கு ஏன் போனது? விசாரித்தால் அது பையனுடைய அக்காவுடையது. அவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள். அவளுக்கு `R` இருந்தே ஆக வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அவள் கணக்கில் `10 sin 314t` என்று வரும். அந்த 314 என்பது ரேடியன். t-க்கு 0.002 விநாடி போட்டால் `sin 0.628`. `R`-ல் விடை 5.875 ஆம்பியர். `D`-ல் போட்டால் 0.1096 ஆம்பியர் என்று வந்து அவள் ஃபெயில் ஆவாள். ஆக `R` வில்லன் இல்லை. அக்காவுக்கு அது சரி, தம்பிக்கு அது தப்பு. ஒரே கால்குலேட்டர் ரெண்டு பேருக்கு உழைக்கிறது, நடுவில் யாரும் சாவியை மாற்றவில்லை.

நான் பதில் போட்டேன்: "`MODE` பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்து. `Deg Rad Gra` என்று மூன்று வரும். அப்போது 1-ஐ அழுத்து. மேலே `D` வந்ததா பார். வந்ததும் பையனிடம் மன்னிப்புக் கேள்."

ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது போட்டோ வந்தது. இந்தத் தடவை முதலாளியே கணக்குப் போட்டிருக்கிறான். மேலே `D` ஜம்மென்று இருக்கிறது. விடை `89.8568`.

"சார், இப்ப ஸ்லைடு செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்குது!"

எப்படி அழுத்தினாய் என்று கேட்டேன். பத்தை ரெண்டால் வகுத்து எண்பதால் பெருக்கினேன் என்றான். `10÷2×80`. நோட்டில் எழுதும்போது 10-க்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 2×80. அந்தக் கோடே ஒரு அடைப்புக்குறிதான். கீழே இருப்பதெல்லாம் ஒரு குடும்பம் என்று அது சொல்கிறது. கால்குலேட்டரில் தட்டும்போது கோடு காணாமல் போய்விடுகிறது. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் ஒரே மரியாதை, இடமிருந்து வலமாகப் போகும். 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5, அதை 80-ஆல் பெருக்கினால் 400. `tan-1 400` என்றால் கிட்டத்தட்ட செங்கோணம். கோடு போன இடத்தில் நாமேதான் அடைப்புக்குறி போட வேண்டும்: `10÷(2×80)`. இப்போது வருகிற சில புது மாடல்களில் பின்னத்தைப் புத்தகத்தில் இருப்பது போலவே மேலும் கீழுமாகத் தட்டலாம். அதில் இந்தத் தொல்லை குறைவு. இந்தப் பழைய மாடலில் எல்லாம் ஒரே வரிதான்.

அடைப்புக்குறி போட்டான், 3.576 வந்தது, வேலை நடந்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

அன்றைக்கு இரவு படுத்த பிறகுதான் யோசித்தேன். ரெண்டு போட்டோவும் எனக்கு ஏன் வந்தன? விடை விசித்திரமாக இருந்ததால் வந்தன. 0.06 என்றால் டேப்பரே இல்லை, 89.86 என்றால் ஸ்லைடு குறுக்கே நிற்கும். இரும்பு தெரிந்த கண்ணுக்கு அது தப்பு என்று உடனே பட்டது, போனை எடுத்தான். விசித்திரமான விடை நமக்குப் பண்ணுவது ஒரு உதவி, குழந்தைக்கு ஜுரம் வருகிற மாதிரி. உள்ளே ஏதோ சரியில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. நாம் பயப்பட வேண்டியது விசித்திரமாக இல்லாத தப்பு விடைக்கு. அதை யாரும் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டார்கள்.

காலையில் எழுந்து நானே இரண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்று, இரண்டு தப்பும் சேர்ந்து நடந்திருந்தால்? அடைப்புக்குறியும் இல்லை, `R`-லும் இருக்கிறது. `tan-1 400` ரேடியனில் 1.5683. ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் என்று எடுத்துக்கொண்டு ஸ்லைடைத் திருப்பியிருப்பான். பார்த்தால் டேப்பர் மாதிரியே இருக்கும். ஆனால் சின்ன முனை 40-க்குப் பதில் 45.6 வந்து நிற்கும். பரவாயில்லை, உலோகம் மிச்சம் இருக்கிறது, மறுபடி சீவலாம்.

இரண்டு, `MODE`-ல் 1-க்குப் பதில் 3-ஐ அழுத்தியிருந்தால்? அது `Gra`. செங்கோணத்தை 90-ஆகப் பிரிக்காமல் 100-ஆகப் பிரிக்கிற அளவு. நம் ஊரில் அதைத் தேவைப்பட்டு உபயோகிக்கிற ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஒரு பட்டன் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதில் விடை 3.9737. சரியான விடை 3.5763. யாருக்காவது சந்தேகம் வருமா? வராது. அந்தக் கோணத்தில் கடைந்தால் சின்ன முனை 38.9 மி.மீ. ஆகிவிடும். 1 மி.மீ.-க்கு மேல் கூடுதலாகச் சீவியாயிற்று. சீவின இரும்பை ஒட்ட முடியாது. ஜாப் ஸ்கிராப். அப்போது பையனைத் திட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அவனே தன்னைத் திட்டிக்கொள்வான்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு பெண் ஞாபகம் வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்தால் அவளுக்கே தெரியும். பல வருஷம் முன்னால் சாயங்காலங்களில் வீட்டில் டிப்ளமோ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு டெஸ்ட் வைத்தேன். 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கோபுரத்தின் உச்சி 45 டிகிரியில் தெரிகிறது, உயரம் என்ன? மனக்கணக்கு. 30 மீட்டர். அவள் 25.62 என்று எழுதியிருந்தாள். "tan 45 கூடத் தெரியாதா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். "ஒண்ணு சார்" என்றாள், கண்ணில் தண்ணீர். "அப்புறம் ஏன் இப்படி எழுதினே?" என்றேன். பதில் இல்லை. கவனம் இல்லாத பெண் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த 25.62-ஐ 30-ஆல் வகுத்தால் 0.854. `G`-ல் வைத்து `tan 45` போட்டால் சரியாக அதுதான் வரும், ஏனென்றால் அந்த 45 நம் டிகிரியில் 40.5. அவளுக்கு tan 45 தெரியும். ஆனால் மெஷின் வேறு சொன்னது, மெஷினை நம்பிவிட்டாள். அவள் கையிலிருந்த கால்குலேட்டரை வாங்கி ஒரு நிமிஷம் திரையின் உச்சியைப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அம்மா, இதைப் படித்தால் சாரை மன்னித்துவிடு. தப்பு உன்னுடையது மட்டும் இல்லை.

"அந்தக் காலத்தில் லாக் டேபிள் வைத்துப் போட்டோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கால்குலேட்டரால் கெட்டுவிட்டன" என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. லாக் டேபிளில் வரிசை மாறிப் பார்த்துத் தப்புப் பண்ணாதவர் யார்? ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. டேபிளின் இடது ஓரத்தில் டிகிரி, தலைப்பில் நிமிடம் என்று அச்சாகவே இருக்கும், யாரும் பட்டன் அழுத்தி மாற்ற முடியாது. நம் ஸ்டேட் போர்டு பிள்ளைகள் பிளஸ் டூ கணக்கு, அறிவியல் பரீட்சை வரை கால்குலேட்டர் இல்லாமல் அந்த டேபிளை வைத்துத்தான் எழுதுகிறார்கள். அப்புறம் காலேஜ் போகிறார்கள், கையில் கால்குலேட்டர் வருகிறது, அடுத்த நாளிலிருந்து அதை வைத்துக் கணக்கு. நடுவில் அந்த மெஷினை எப்படிப் பிடிப்பது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. கடைக்காரர் சொல்ல மாட்டார், லெக்சரர் அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். இதுதான் என் வருத்தம், இதுதான் என் கட்சி. முதல் வாரத்தில் ஒரு பீரியட் போதும். என் மாணவர்களில் பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் காலேஜிலும் பாடம் எடுப்பவர்கள் சில பேர் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன்.

அந்தப் பீரியடில் என்ன சொல்வது? நான் என்றால் இரண்டே விஷயம் சொல்வேன்.

முதல் விஷயம், கணக்கைத் தொடங்கும் முன் `sin 30` போட்டுப் பார். 0.5 வந்தால் `D`. 0.454 வந்தால் `G`. மைனஸ் 0.988 வந்தால் `R`. மூன்றும் மூன்று விதமாக இருப்பதால் ஒரே அழுத்தலில் தெரிந்துவிடும். `sin 0` போட்டுப் பார்க்காதே, அது எல்லா மோடிலும் பூஜ்யம்தான். அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதற்குச் சொல்லுங்கள்: 30 ரேடியன் என்றால் 1718.87 டிகிரி. நான்கு முழுச் சுற்றுக்கு 1440-ஐக் கழித்தால் 278.87. நான்காம் கால்வட்டம். 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? கப்ஸ் வீட்டில் காஸ் மட்டும்தான் ப்ளஸ், சைன் மைனஸ். 270-ஐத் தாண்டி ஒன்பது டிகிரிகூடப் போகவில்லை, அதனால் மைனஸ் ஒன்றுக்குக் கிட்டத்தில். விசித்திரம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான்.

இரண்டாவது விஷயம், விடையை மெஷினுக்கு வெளியே சரிபார். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பட்டறைப் பையனும் சரிபார்த்தானாம். 0.0624-க்கு `tan` போட்டு 160-ஆல் பெருக்கினானாம், சரியாக 10 வந்ததாம். வரத்தான் செய்யும்! போகும்போதும் `R`, திரும்பும்போதும் `R`. அதே மெஷினில் அதே மோடில் திருப்பிப் போட்டால் மோடு தப்பு ஒருநாளும் பிடிபடாது. திருடனையே சாட்சி கேட்பது போலத்தான்.

வெளியே சரிபார்க்க ஒரு சுலப வழி அந்த 57. சின்னக் கோணங்களுக்கு, சரிவை 57-ஆல் பெருக்கினால் டிகிரி வந்துவிடும். 80-க்கு 5 என்றால் 16-க்கு 1. 57-ஐ 16-ஆல் வகுத்தால் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். பேப்பர்கூட வேண்டாம். 0.06-ம் விழும், 89-ம் விழும், 1.57-ம் விழும், பசப்புகிற 3.97-கூடச் சந்தேகத்தில் நிற்கும். பத்து டிகிரி வரைக்கும் இந்த 57 நம்பிக்கையானது. இருபதைத் தொட்டால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடக் காட்டும், அங்கே ஜாக்கிரதை.

போனில் பார்ப்பவர்களுக்கும் கம்ப்யூட்டரில் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுளில் `sin 30` என்று தட்டினால் மைனஸ் 0.988-தான் காட்டும், அது ரேடியனில் எடுத்துக்கொள்கிறது. எக்செல்லில் `=SIN(30)` போட்டாலும் அதே. `=SIN(RADIANS(30))` என்று போட்டால்தான் 0.5. எக்செல்லில் உச்சியில் எழுத்துக்கூட இருக்காது, நாமேதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று அந்த மாணவன் மறுபடி போன் பண்ணினான். கால்குலேட்டரின் முதுகில் ஒரு துண்டுப் பேப்பரை ஒட்டி, `sin 30 = 0.5` என்று பையனே எழுதி வைத்திருக்கிறானாம். அக்காவிடம் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது `R`-க்கு மாற்றித்தான் கொடுக்கிறானாம்.

உங்கள் பிள்ளைகளுக்கு விசித்திரமான விடை வந்தால் திட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை. விடையை மட்டும் குளோசப்பில் எடுக்காதீர்கள். திரையின் உச்சி எழுத்தும், தட்டின வரியும் சேர்ந்து விழ வேண்டும். பதில் பெரும்பாலும் அந்தப் போட்டோவிலேயே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்